மழைத்துளிக்கும் பலகைக்கும் ஒரே ஈசிங் ஆகாது: 20 நொடி விளக்கப்படம், படிப்படியாக

மோஷன் கிராஃபிக்ஸ் கற்க ஆரம்பிப்பவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், அசைவின் முக்கிய நிலைகளைக் குறிக்கும் கீஃப்ரேம்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, Easy Ease-க்கான F9-ஐ அழுத்தினால் அசைவு வழுவழுப்பாகிவிடும். உண்மைதான், வழுவழுப்பாகும். ஆனால் அதோடு மழைத்துளியும், குழாய் நீரும், எழுத்துப் பலகையும் ஒரே மாதிரி நகரத் தொடங்கிவிடும். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒரு சின்ன விளக்கப்படத்தை எடுத்துக்கொண்டு, எந்தப் பொருளுக்கு எந்த ஈசிங், அதாவது அதன் வேகம் எப்படிக் கூடிக் குறைய வேண்டும், ஏன் என்று பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்கொள்ளும் பொருள் வீட்டு மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்குக் கட்டாயமான ஏற்பாடு என்பதால் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. மழை பெய்கிறது, மொட்டை மாடியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் இறங்குகிறது, மணலும் ஜல்லியும் உள்ள வடிகட்டித் தொட்டியைக் கடந்து கிணற்றில் சேருகிறது. ஒரே கதைக்குள் விழுவது, ஓடுவது, ஏறுவது, வந்து நிற்பது என நான்கு வகை அசைவும் இருப்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

மென்பொருள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். இங்கே சொல்லும் விசைகள் விண்டோஸுக்கானவை. மேக்கில் Ctrl வரும் இடத்தில் Cmd, Alt வரும் இடத்தில் Option. சந்தா கட்ட வழியில்லாதவர்கள் பிளெண்டரிலோ, டாவின்சி ரிசால்வில் உள்ள ஃபியூஷனிலோ இதே வேலையைச் செய்யலாம். பொத்தான்கள்தான் மாறும், வேகக் கணக்கு மாறாது.

முதலில் குரல், பிறகு படம்

படம் வரைய உட்காரும் முன் பேச வேண்டியதை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். நம் படத்துக்கு நான்கு வரி போதும்.

"மொட்டை மாடியில் விழும் மழை, குழாய் வழியே தெருவுக்குப் போய்விடுகிறது. அந்தக் குழாயை ஒரு வடிகட்டித் தொட்டிக்குத் திருப்புங்கள். மணலும் ஜல்லியும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் கிணற்றில் சேரும்."

அவசரப்படாமல், வரிக்கு வரி மூச்சுவிட்டுப் படித்தால் 20 நொடிக்குள் அடங்கும். பதிவைக் கைப்பேசியிலேயே செய்யலாம், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது Ctrl+N அழுத்திப் புதிய காம்போசிஷன் திறங்கள். அளவு 1920 × 1080, நொடிக்கு 25 ஃபிரேம், நீளம் 20 நொடி, அதாவது 500 ஃபிரேம். டைம்லைனின் இடது மேல் மூலையில் உள்ள நேரத்தை Ctrl பிடித்துக் கிளிக் செய்தால் அது ஃபிரேம் எண்ணாக மாறும். ஈசிங் பழகும்வரை ஃபிரேமிலேயே யோசியுங்கள், கணக்குப் போட அது எளிது.

குரல் கோப்பை உள்ளே போட்டு, ஓடவிட்டுக் கேளுங்கள். "திருப்புங்கள்" என்ற சொல் விழும் இடத்தில், "கிணற்றில்" என்ற சொல் விழும் இடத்தில் எல்லாம் Layer மெனுவில் உள்ள Markers வழியாக ஓர் அடையாளம் வையுங்கள். அசைவு எப்போது முடிய வேண்டும் என்பதை இந்த அடையாளங்கள்தான் தீர்மானிக்கும். கிணறு என்று குரல் சொல்லும் அந்த ஃபிரேமில் கிணறு கண்ணில் பட்டிருக்க வேண்டும். கண் முந்திக்கொண்டால் பரவாயில்லை, இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் வந்தால் நன்றாகவே இருக்கும். பிந்தினால்தான் படம் குரலைத் துரத்திக்கொண்டு ஓடுவதுபோல் தெரியும்.

அசையும் ஒவ்வொன்றும் தனி லேயர்

வீடு, குழாய், தொட்டி, கிணறு ஆகியவை அசையாதவை. துளி, குழாயில் ஓடும் தண்ணீர், ஒரு காய்ந்த இலை, கிணற்றின் நீர்மட்டம், எழுத்துப் பலகை ஆகியவை அசைபவை. இந்த இரண்டாம் வகையில் ஒவ்வொன்றும் தனி லேயராக இருக்க வேண்டும். ஷேப் லேயர்களிலேயே வரையலாம், இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்தும் கொண்டு வரலாம். பெயர் வைக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். "Shape Layer 14" என்ன என்று தேடுவதில் மாலைப்பொழுது போய்விடும்.

ஆங்கர் பாயிண்ட்டைக் கீஃப்ரேம் வைப்பதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். ஒரு லேயர் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்கிறது, பெரிதாகிறது என்பதை அதுதான் சொல்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு அது அடிப்பகுதியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் மட்டம் உயரும்போது தண்ணீர் கீழேயும் வளர்ந்து கிணற்றின் தரையைத் துளைத்துக்கொண்டு போகும். Y விசையை அழுத்தினால் ஆங்கர் பாயிண்ட்டை நகர்த்தும் கருவி கிடைக்கும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் எழுத்து அனிமேஷன்கள் வழக்கமாக எழுத்து எழுத்தாகப் பிரித்து அசைப்பவை. தமிழில் அப்படிச் செய்தால் "கொ" என்பதில் உள்ள கொம்பும் காலும் தனித்தனியே பறக்க வாய்ப்பு உண்டு. Range Selector-இன் Advanced பகுதியில் Based On என்பதை Words என்று மாற்றிவிட்டால் சொல் முழுதாக நகரும். எழுத்தே ஒழுங்காகக் கோக்கப்படாமல் குறிகள் இடம் மாறித் தெரிந்தால், Preferences-இல் Type பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் இல்லஸ்ட்ரேட்டரிலோ இங்க்ஸ்கேப்பிலோ எழுதி, வடிவமாக மாற்றிக் கொண்டு வாருங்கள்.

கீஃப்ரேம்: முடிவிலிருந்து தொடங்குங்கள்

கையால் வரைந்த அனிமேஷன் காலத்தில் முதன்மை ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார், இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் நிரப்புவார்கள். இப்போது அந்த உதவியாளர் கணினி. நிலைகளை நீங்கள் சொல்கிறீர்கள், இடைவெளியை அது நிரப்புகிறது. எப்படி நிரப்ப வேண்டும் என்று சொல்வதுதான் ஈசிங்.

எழுத்துப் பலகையில் தொடங்குவோம். அது இடப்பக்கமிருந்து உள்ளே வந்து 85-ஆம் ஃபிரேமில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை அது நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்து, 85-ஆம் ஃபிரேமுக்குப் போய், P அழுத்தி, Position-க்குப் பக்கத்தில் உள்ள ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுங்கள். ஒரு கீஃப்ரேம் விழும். பிறகு 70-ஆம் ஃபிரேமுக்கு வந்து பலகையைத் திரைக்கு வெளியே தள்ளுங்கள். இரண்டாவது தானாகவே விழுந்துவிடும். இறுதி நிலையை முதலில் பூட்டிவிடுவதால் உங்கள் திரை அமைப்பு கலையாது. வெளியே எங்கே இருந்தது என்பது யாருக்கும் முக்கியமில்லை.

இதேபோல் எல்லா லேயருக்கும் கீஃப்ரேம் வைத்து முடியுங்கள். ஈசிங் எதுவும் இல்லாமல், கரடுமுரடாகவே முழுப் படத்தையும் குரலோடு ஓட்டிப் பாருங்கள். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பது இந்த நிலையில்தான் தெளிவாகத் தெரியும். ஈசிங் போட்டபின் கீஃப்ரேம்களை இழுத்தால் வளைவுகளை மறுபடி சரிபார்க்க வேண்டிவரும்.

ஈசிங்: எது இதை நகர்த்துகிறது?

ஒவ்வொரு லேயரிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில்தான் வளைவின் வடிவம்.

மழையில் தொடங்கலாம். துளி கீழே விழுகிறது, ஆகவே வேகம் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேகத்திலிருந்து வரும் துளி காற்றின் தடையால் வெகு சீக்கிரமே ஒரு நிலையான வேகத்தை அடைந்துவிடுகிறது. நம் திரைக்குள் நுழையும்போது அது அந்த மாறாத வேகத்தில்தான் வருகிறது. அதனால் மழைக்கு லீனியர்தான் சரி, ஈசிங் வேண்டாம். F9 போட்டால் ஒவ்வொரு துளியும் மாடியைத் தொடும் முன் தயங்கி, மெதுவாக உட்காரும். மழை பஞ்சாகிவிடும்.

ஒரு துளிக்கு மேலும் கீழுமாக இரண்டு கீஃப்ரேம் வைத்து, Position-இன் ஸ்டாப்வாட்ச்சை Alt பிடித்துத் தட்டி இதை எழுதினால் அது திரும்பத் திரும்ப விழும்:

```
loopOut("cycle")
```

லேயரை நகலெடுத்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டிலும் டைம்லைனிலும் ஒழுங்கில்லாமல் தள்ளி வையுங்கள். ஒரே சீராக மூன்று மூன்று ஃபிரேமாகத் தள்ளினால் மழை அணிவகுப்பாகத் தெரியும்.

அடுத்து, கிணற்றுக் காட்சியில் குழாய் வாயிலிருந்து சொட்டும் துளி. இது நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறது, நகர்த்துவது புவியீர்ப்பு மட்டும். இங்கேதான் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். குழாய் வாய் 200-ஆம் பிக்சலிலும் நீர்மட்டம் 1000-ஆம் பிக்சலிலும் இருப்பதாகக் கொள்வோம். 800 பிக்சல் தூரத்துக்கு 16 ஃபிரேம் கொடுக்கலாம். சமமான நேரத் துண்டுகளில் விழும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும். ஆகவே நான்கு நான்கு ஃபிரேமாகப் பார்த்தால் துளி 50, 150, 250, 350 பிக்சல் விழ வேண்டும். அதாவது 4-ஆம் ஃபிரேமில் 250, 8-இல் 400, 12-இல் 650, 16-இல் 1000 என்ற இடங்களில் இருக்கும். லீனியராக விட்டால் 8-ஆம் ஃபிரேமிலேயே 600-க்கு வந்துவிடும். பாதி நேரத்தில் கால் பங்கு தூரம்தான் விழுந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இதைத் துல்லியமாகக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. முதல் கீஃப்ரேமின் மேல் வலது கிளிக் செய்து Keyframe Velocity திறங்கள். Outgoing Velocity-இல் வேகம் 0, Influence 33.33 என்று கொடுங்கள். இரண்டாம் கீஃப்ரேமில் Incoming Velocity-இல் வேகம் 2500, Influence 33.33. இந்த 2500 எங்கிருந்து வந்தது? 16 ஃபிரேம் என்பது 0.64 நொடி. 800-ஐ அதால் வகுத்தால் சராசரி வேகம் நொடிக்கு 1250 பிக்சல். ஓய்விலிருந்து விழும் பொருளின் இறுதி வேகம் சராசரியைப் போல இரு மடங்கு. Influence இரண்டு பக்கமும் மூன்றில் ஒரு பங்காக இருக்கும்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வரையும் வளைவு அச்சு அசலாக விழும் பொருளின் வளைவாகவே அமைகிறது. Shift+F3 அழுத்தி Graph Editor-இல் ஸ்பீடு கிராஃபைப் பாருங்கள். பூஜ்ஜியத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்லும் நேர்கோடு தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். தூரத்தையோ ஃபிரேம் எண்ணிக்கையையோ பின்னால் மாற்றினால் இந்த வேகத்தையும் மறுபடி கணக்கிட்டுப் போடுங்கள்.

துளி தண்ணீரைத் தொட்ட ஃபிரேமிலேயே ஒரு வளையம் பிறக்க வேண்டும். Scale 0-லிருந்து 100-க்கும், Opacity 100-லிருந்து 0-க்கும் 12 ஃபிரேமில் போகட்டும். வேகமாகத் தொடங்கி மெதுவாக அடங்கும்படி விடுங்கள். அதற்குக் கடைசிக் கீஃப்ரேமில் மட்டும் Shift+F9. துளியின் லேயரை அடுத்த ஃபிரேமிலேயே Alt+] அழுத்தி வெட்டிவிடுங்கள். வளையம் இரண்டு ஃபிரேம் தாமதித்தால்கூட துளி கண்ணாடியில் மோதியதுபோல் இருக்கும்.

குழாயில் ஓடும் தண்ணீரும் கிணற்றில் ஏறும் மட்டமும் தொடர்ச்சியான ஓட்டம். குழாயின் பாதையிலேயே ஒரு தடித்த நீலக் கோடு வரைந்து, Trim Paths சேர்த்து, End மதிப்பை 0-லிருந்து 100-க்குக் கொண்டுபோங்கள். இதற்கும் லீனியர்தான். நீர்மட்டத்துக்கு Scale-இன் சங்கிலி அடையாளத்தைக் கழற்றிவிட்டு, உயரத்தை மட்டும் 20-லிருந்து 60-க்கு ஏற்றுங்கள். அதே அளவு தண்ணீர் தொடர்ந்து வரும்போது மட்டமும் ஒரே சீராகத்தான் ஏறும். மழை ஓய்வதைக் காட்டும் கடைசி இடத்தில் மட்டும் அது மெல்ல அடங்கி நிற்கட்டும்.

பலகை வேறு வகை. அதை எந்த இயற்கை விசையும் நகர்த்தவில்லை, நாம்தான் படிப்பவருக்காகக் கொண்டுவந்து வைக்கிறோம். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்வதுபோல அது வேகத்தோடு நுழைந்து, இடம் நெருங்க நெருங்க வேகம் தணிய வேண்டும். F9 போட்டால் தொடக்கமும் முடிவும் ஒரே அளவு மெதுவாகும். தொடக்கம் திரைக்கு வெளியே நடப்பதால் அந்த மெதுவான ஃபிரேம்களை யாரும் பார்ப்பதில்லை, பலகை தாமதமாக வந்ததாக மட்டும் தோன்றும். ஆகவே F9 போட்டபின் Keyframe Velocity-க்குப் போய், முதல் கீஃப்ரேமின் Outgoing Influence-ஐ 10 ஆகக் குறையுங்கள், கடைசிக் கீஃப்ரேமின் Incoming Influence-ஐ 80 ஆக்குங்கள். ஸ்பீடு கிராஃபில் மலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பலகை வெளியேறும்போது இதைத் திருப்பிப் போடுங்கள்: மெதுவாகக் கிளம்பி, வேகமெடுத்து மறையட்டும்.

ஒரு சிக்கலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Easy Ease In என்றால் கீஃப்ரேமை வந்தடையும்போது மெதுவாவது. இணையப் பக்கங்களுக்கு எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ease-in என்றால் மெதுவாகத் தொடங்குவது. இரண்டும் நேர் எதிர். வடிவமைப்பாளரோடு பேசும்போது "வந்து நிற்கையில் மெதுவாக" என்று தமிழிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிளெண்டர்காரர்களுக்கு இன்னொன்று: அங்கே புதிய கீஃப்ரேம்கள் இயல்பாகவே பெசியர் வளைவோடு வரும். மழைக்கும் குழாய்க்கும் Graph Editor-இல் T அழுத்தி Linear ஆக்க மறக்க வேண்டாம்.

நடுவழியில் நிற்கும் இலை

காய்ந்த இலை ஒன்று குழாய் வழியே இறங்கி வடிகட்டித் தொட்டியில் மாட்டிக்கொள்கிறது. குழாயில் இரண்டு வளைவுகள் இருப்பதால் நான்கு கீஃப்ரேம் வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான்குக்கும் F9 போட்டால் இலை ஒவ்வொரு வளைவிலும் முழுதாக நின்று, மறுபடி கிளம்பும். Easy Ease என்பது அந்தக் கீஃப்ரேமில் வேகத்தைப் பூஜ்ஜியமாக்குவது. நடுவில் உள்ள கீஃப்ரேமிலும் அதைத்தான் செய்யும். ஸ்பீடு கிராஃபில் கோடு நடுநடுவே தரையைத் தொட்டால் இதுதான் காரணம். ஈசிங்கை எடுத்துவிட்டாலும் முழுதாகத் தீராது. கிடையாக 300 பிக்சல், செங்குத்தாக 900 பிக்சல், மறுபடி கிடையாக 200 பிக்சல் என்று துண்டுகளின் நீளம் வேறுபடும்போது, ஒவ்வொன்றுக்கும் 10 ஃபிரேம் கொடுத்திருந்தால் நடுத்துண்டில் இலை மூன்று மடங்கு வேகத்தில் பாயும். நடுவில் உள்ள இரண்டு கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் Rove Across Time போடுங்கள். தூரத்துக்கு ஏற்றபடி அவை தானாகவே நேரத்தில் இடம் மாறி, மொத்தப் பாதையிலும் வேகம் ஒரே சீராகிவிடும். பிறகு கடைசிக் கீஃப்ரேமில் மட்டும் மெதுவாக்கி, இலையை மணல் மேல் உட்கார வையுங்கள்.

இலை குழாயை விட்டு வெளியே வளைந்து போனால் அது நேரத்தின் பிரச்சினையல்ல, பாதையின் பிரச்சினை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கீஃப்ரேம்களுக்கு இடையே பாதையையும் தானாகவே வளைத்துக் கொடுக்கும். நான்கையும் தேர்ந்தெடுத்து Ctrl+Alt+K அழுத்தி, Spatial Interpolation-ஐ Linear ஆக்கினால் பாதை நேராகும். ஒரே இடத்தில் நிற்க வேண்டிய பொருள் லேசாக முன்னும் பின்னும் ஆடினாலும் மருந்து இதுதான்.

ஓட்டிப் பார்ப்பது, வெளியே எடுப்பது

வேலை முடிந்ததும் முதலில் குரலை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒலி இல்லாதபோது அசைவின் குறை உடனே கண்ணில் படும். உங்களுக்குச் சந்தேகமான இடத்தில் நின்று, Page Down விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்து, பொருள் ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு தாவுகிறது என்று கவனியுங்கள். தாவல் கூடிக்கொண்டோ, குறைந்துகொண்டோ, சமமாகவோ இருக்க வேண்டும். ஒரு ஃபிரேமில் மட்டும் திடீரென்று மாறினால் அங்கே தேவையற்ற கீஃப்ரேம் ஒன்று ஒளிந்திருக்கும். லேயரைத் தேர்ந்து U அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

அடுத்ததாக வேகமாக நகரும் லேயர்களுக்கு மட்டும் மோஷன் பிளரைப் போடுங்கள். சொட்டும் துளிக்கும் உள்ளே நுழையும் பலகைக்கும் அது நன்றாக இருக்கும். மெதுவாக ஏறும் நீர்மட்டத்துக்குத் தேவையில்லை, ரெண்டர் நேரம்தான் கூடும்.

Ctrl+M அழுத்தினால் படம் ரெண்டர் வரிசையில் சேரும். 2023 பதிப்பு முதல் அங்கேயே H.264 தேர்வு இருக்கிறது, பழைய பதிப்பு என்றால் மீடியா என்கோடர் வழியாக அனுப்புங்கள். வெளிவந்த கோப்பைக் கைப்பேசிக்கு மாற்றி, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பாருங்கள். பலகையில் உள்ள வரியை அது மறைவதற்குள் வாய்விட்டு இரண்டு முறை படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் பலகை நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது வரியைச் சுருக்குங்கள். உள்ளே வரும் 15 ஃபிரேமில் கை வைக்க வேண்டாம்.